இரவில் தமிழ் படிக்க எது நல்லது: போனா, இ-இங்க் கருவியா? எந்த ஆப்?

பனைநிழல் | 3 நவம்பர் 2025, இரவு 10:52

படிக்கிறது மூணு வகை. இலவசமா இறக்கின ஈபப் நாவல்கள், கிண்டில் கடையில காசு கொடுத்து வாங்கினவை, இணைய இதழ்கள்ல வர்ற நீளக் கட்டுரைகள். எல்லாமே ராத்திரி விளக்கை அணைச்ச பிறகுதான். இப்ப இருக்கிறது ஓஎல்ஈடி திரை போன். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து வச்சுப் படிக்கிறேன். அரை மணி தாண்டினா எழுத்து மிதக்குது. இ-இங்க் வாங்கலாம்னா "அதுல தமிழ் உடைஞ்சு வரும்"னு ஒருத்தர் சொல்றார், "அதெல்லாம் பழைய கதை"னு இன்னொருத்தர். எது உண்மை?

ராச்சாமம் | 3 நவம்பர், இரவு 11:05

நீல ஒளிதான் எல்லாத்துக்கும் காரணம். போன்ல நைட் லைட்டை முழுசா மஞ்சளுக்குத் தள்ளுங்க. முடிஞ்சது கதை. தனிக் கருவியெல்லாம் வீண் செலவு.

எழுத்தாணி | 3 நவம்பர், இரவு 11:48

ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. கருவியைப் பொறுத்ததில்லை இது, கருவிக்குள் எழுத்தை வரைகிற மென்பொருளைப் பொறுத்தது.

கோப்பில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது வரையும் மென்பொருளின் வேலை. "கொ" என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் இதை அடிப்படையிலேயே செய்துவிடுவதால் போனில் எந்த ஆப்பிலும் பெரும்பாலும் தமிழ் உடையாது. இ-இங்க் கருவிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வரைவியை வைத்திருக்கிறது. ஒரே கருவியில் ஒரு வகைக் கோப்பு சரியாகவும் இன்னொரு வகை உடைந்தும் வருவது அதனால்தான்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது அந்தக் கருவி இருந்தால் இந்த வரியை ஒரு உரைக் கோப்பில் போட்டு, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, காலிபர் என்ற கணினி மென்பொருளில் ஈபப் ஆக்கித் திறந்து பாருங்கள்:

```
கெ கே கை கொ கோ கௌ டி டீ டு டூ மு மூ ணு லூ க்ஷ ஸ்ரீ
```

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். அது சின்னக் குறை, எழுத்துருவைப் போட்டால் தீரும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், பக்கத்தில் புள்ளியிட்ட வட்டம் ஒன்று தெரிந்தால் வரைவிக்குத் தமிழ் தெரியவில்லை. எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது தீராது. கொம்பெல்லாம் சரியாக வந்து "டு", "மூ" மட்டும் உடல் தனியாக, உகரம் தனியாக நின்றால் அரைகுறை ஆதரவு. கொம்பு சரியாக இருக்கிறதே என்று மூன்றாவதைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். ஐம்பது பக்கம் போன பிறகுதான் கண் உறுத்தும்.

குறுந்திரை | 3 நவம்பர், இரவு 11:55

புள்ளியிட்ட வட்டம் = "எனக்குத் தமிழ் வராது, மன்னிக்கவும்".

ராச்சாமம் | 4 நவம்பர், காலை 7:20

எழுத்து உடையுறது சரி. அவர் கேட்டது கண்ணு வலி. அதுக்கு மஞ்சள்தான் மருந்து.

மூக்குக்கண்ணாடி | 4 நவம்பர், காலை 9:02

ராச்சாமம், பாதி சரி. தூக்கம் தள்ளிப்போவதில் நீல ஒளிக்குப் பங்கு உண்டு. 2015-இல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்த ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் 12 பேர், ஐபேட், முழு வெளிச்சம், தூங்கப்போகும் முன் 4 மணி நேர வாசிப்பு. தாள் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. "முழு வெளிச்சம்" என்பதை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். நிறத்தை எவ்வளவு மஞ்சளாக்கினாலும் வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் பெரிய பயன் இல்லை.

பனைநிழல் சொல்லும் "எழுத்து மிதக்குது" வேறு விஷயம். இருட்டில் கண்மணி விரிகிறது. சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பு மேல் வெள்ளை எழுத்து விளிம்பு கசிந்து தெரியும். எனக்கும் அந்தக் குறை உண்டு, அதனால் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் இது அவ்வளவு தெரியாது. தமிழில் ழ, ஞ, ணை, றை மாதிரிச் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் சிறியது, கசிவு அதை நிரப்பிவிடும். முழு வெள்ளையை விடுங்கள். எழுத்து `#C8B08A`, பின்னணி `#121212` வைத்துப் பாருங்கள். நிறம் எழுதிக் கொடுக்க இடம் தரும் ஆப்பாக இருக்க வேண்டும். மூன்+ ரீடரில் முடியும்.

பின்னணி முழுக் கறுப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், ஓஎல்ஈடியில் முழுக் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகும். உருட்டும்போது அது மறுபடி எரிய ஒரு கணம் தாமதமாகி எழுத்துக்குப் பின்னால் ஊதா நிறத்தில் வால் இழுக்கும். உருட்டாமல் பக்கம் புரட்டும் முறையில் படித்தால் இது இல்லை.

எழுத்தாணி | 4 நவம்பர், மதியம் 1:15

அதோடு சிமிட்டலையும் சேர்க்க வேண்டும். பல ஓஎல்ஈடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது ஒளியை மங்க வைப்பதில்லை, அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. நொடிக்கு 240 தடவை என்பது நிறைய போன்களில் இருக்கும் அளவு. கண் அதைத் தனியாகப் பார்க்காது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும், சிலருக்கு ஒன்றுமே செய்யாது. கண்டுபிடிக்க, இன்னொரு போனின் கேமராவில் ஷட்டரை 1/1000 வைத்து, குறைந்த வெளிச்சத்தில் இருக்கும் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் சிமிட்டுகிறது.

வெளிச்சப் பட்டையை அடிமட்டத்துக்கு இழுக்காமல் பாதியில் நிறுத்திவிட்டு, மேலே மென்பொருள் வழியாக மங்க வைப்பது ஒரு வழி. ஆண்ட்ராய்டு 12 முதல் `Extra dim` இருக்கிறது. ஐபோனில் `Accessibility` → `Display & Text Size` → `Reduce White Point`. திரை அதே அளவு மங்கலாகத் தெரியும், சிமிட்டலின் அணைந்திருக்கும் நேரம் மட்டும் குறையும். இதைச் செய்த பிறகும் மிதந்தால்தான் இ-இங்க் பற்றி யோசிக்க வேண்டும்.

தாள்வாசி | 4 நவம்பர், மாலை 6:40

என் பாடு வேற. எனக்கு வேண்டியது எல்லாம் ஸ்கேன் பிடிஎஃப். மின்நூலகத்துல இருந்து இறக்கின பழைய பதிப்புகள். 6 அங்குல இ-இங்க்ல திறந்தா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. எந்த எழுத்துரு போட்டா பெரிசாகும்?

குறுந்திரை | 4 நவம்பர், மாலை 6:44

தாள்வாசிக்குத் தாள் வாங்கித் தருவதே மலிவு.

எழுத்தாணி | 4 நவம்பர், இரவு 9:30

எந்த எழுத்துரு போட்டாலும் ஆகாது, தாள்வாசி. ஸ்கேன் பிடிஎஃப் உள்ளே இருப்பது படம். எழுத்து என்று ஒன்று அதில் இல்லை.

கணக்காகவே பார்ப்போம். டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம். 6 அங்குலத் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலம். பக்கத்தை அப்படியே பொருத்தினால் எழுத்து அச்சில் இருந்ததில் 65 சதவீதத்துக்குச் சுருங்கும். ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி மட்டும் 10.5 செ.மீ. போல இருக்கும். அப்போது 86 சதவீதம். படிக்கலாம், ஆனால் பழைய பதிப்புகளில் எழுத்தே பொடியாக இருந்தால் சிரமம். 7.8 அங்குலத் திரை 11.9 செ.மீ. அகலம். ஓரம் வெட்டியபின் அங்கே எழுத்து அச்சைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும். அதனால் ஸ்கேன் பிடிஎஃப்தான் முக்கியம் என்றால் 7.8-க்குக் கீழே வாங்காதீர்கள்.

ஓரம் வெட்ட, கணினியில் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல் உண்டு:

```
k2pdfopt -ui- -x -mode tm -dev kpw book.pdf
```

`tm` என்பது ஓரத்தை மட்டும் வெட்டும், வரிகளைக் கலைக்காது. இதே நிரலிலும் கோரீடர் என்ற வாசிப்பு மென்பொருளிலும் படத்தையே சொல் சொல்லாக வெட்டி மறுபடி அடுக்கும் வசதி உண்டு. புது அச்சில் அது நன்றாக வேலை செய்யும். ஈய அச்சுப் பதிப்புகளில் வரிகள் நெருக்கமாக இருக்கும். மேல்வரியின் "மூ", "ளூ" வால் கீழ்வரியின் மெய்ப்புள்ளியைத் தொட்டுவிட்டால் இரண்டு வரியையும் ஒரே வரி என்று எடுத்துக்கொள்ளும். பக்கம் கந்தலாகிவிடும். முதலில் ஒரு நான்கு பக்கத்தை மட்டும் போட்டுப் பாருங்கள்.

தாள்வாசி | 4 நவம்பர், இரவு 9:52

அப்ப ஓசிஆர் செஞ்சு ஈபப் ஆக்கிட்டா?

வரிக்குவரி | 4 நவம்பர், இரவு 10:10

செய்யலாம், ஆனால் மெய்ப்புப் பார்க்காமல் படிக்க முடியாது. ஓசிஆர் துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடும். "கால்" என்பது "கரல்" ஆகும். ஔகாரக் குறியை இரண்டாகப் பிரித்து கொம்பும் ளகரமுமாகப் போடும், அது பார்வைக்குச் சரி மாதிரியே இருக்கும். ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, அகராதியிலும் அகப்படாது. ஒரு நாவலுக்கு மெய்ப்பு என்பது சில வார வேலை. படிப்பது மட்டும் நோக்கம் என்றால் பெரிய திரை வாங்குங்கள்.

இன்னொரு வகை பிடிஎஃப் உண்டு, அதையும் ஸ்கேன் என்று நினைத்துக்கொள்வார்கள். எழுத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க முடியும், ஆனால் நகலெடுத்து ஒட்டினால் "jkpo;" என்று வரும். அது பாமினி எழுத்துருவில் தட்டிய "தமிழ்". பழைய அச்சகக் கோப்புகள் பலவும் இப்படி. இதற்கு ஓசிஆர் தேவையே இல்லை. உரையை எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டால் பிழை மிகக் குறைவாகவே இருக்கும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களைத்தான் கையால் திருத்த வேண்டும், மாற்றி அவற்றையும் தமிழென்று எடுத்துக் குதறிவைக்கும்.

பனைநிழல் | 5 நவம்பர், காலை 6:35

என் கேள்வி நடுவுல தொலைஞ்சு போச்சு. எனக்கு ஸ்கேன் பிடிஎஃப் இல்லை. எக்ஸ்ட்ரா டிம் போட்டுப் பார்த்தேன், தலைபாரம் குறைஞ்சுது, மிதப்பு இருக்கு. சாம்பல் பின்னணி, மங்கல் மஞ்சள் எழுத்து, அதுவும் பரவாயில்லை. ஆனாலும் இ-இங்க் பக்கம்தான் மனசு போகுது. எதை வாங்க?

எழுத்தாணி | 5 நவம்பர், இரவு 8:05

உங்களுக்கு முடிவைத் தருவது திரை இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள். கிண்டில் கடையில் வாங்கியவை பெரும்பாலும் பூட்டுப் போட்டவை. கிண்டில் கருவியிலோ கிண்டில் ஆப்பிலோ மட்டும்தான் திறக்கும். முன்பு கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதி இருந்தது, அதையும் 2025 பிப்ரவரி 26-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே கோபோ கருவி வாங்கினால் அந்தப் புத்தகங்கள் அதில் வராது. கூகுள் பிளே புக்ஸில் வாங்கியவற்றைப் பூட்டோடு கோபோவுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அவை கோபோவின் சொந்த வரைவியில் மட்டும் திறக்கும். கோரீடர் பூட்டுப் போட்ட கோப்பைத் தொடாது. கோபோவின் சொந்த வரைவியில் தமிழ் எப்படி வருகிறது என்பதை மேலே சொன்ன சோதனை வரியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சாதா ஈபப் ஒரு வரைவியிலும் `.kepub.epub` என்று முடியும் கோப்பு வேறொரு வரைவியிலும் திறக்கும், இரண்டையும் பாருங்கள்.

உங்கள் மூன்று வகைக்கும் இரண்டு வழி. ஒன்று கிண்டில் பேப்பர்வைட். 2021-இலோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்கட்டும், அதில்தான் வெளிச்சத்தின் நிறத்தை மஞ்சளாக்கும் வசதி உண்டு. விலை குறைந்த சாதா கிண்டிலில் அது இல்லை. இரவுக்காக வாங்குகிறவர் அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. இரண்டாவது, ஆண்ட்ராய்டு ஓடும் இ-இங்க், பூக்ஸ் மாதிரி. கிண்டில் ஆப், கோரீடர், உலாவி மூன்றும் ஒரே கருவியில் இருக்கும். ஆண்ட்ராய்டே எழுத்தை வரையும் ஆப்களில் தமிழ் உடையாது. பேட்டரி கிண்டில் அளவுக்கு நிற்காது, கிண்டில் ஆப்பில் பக்கம் புரளும் அசைவூட்டத்தை அணைக்காவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை உதறும்.

இரண்டாங்கையாக வாங்கினால் திரையின் நெருக்கத்தைப் பாருங்கள். 300 பிபிஐ-க்குக் குறையாமல் வேண்டும். 2019-இல் வந்த சாதா கிண்டில் 167 பிபிஐ. அதில் சின்ன அளவில் மெய்ப்புள்ளி கரைந்து, "கல்" என்பதற்கும் "கல" என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

வண்ணத்திரை | 5 நவம்பர், இரவு 8:40

வண்ண இ-இங்க் வந்திருக்கே, அதை ஏன் யாரும் சொல்லலை?

மூக்குக்கண்ணாடி | 5 நவம்பர், இரவு 9:11

இரவுக்கு வேண்டாம். கலைடோ என்ற வண்ண இ-இங்க் திரையில் எழுத்துக்கு மேல் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால் பின்னணி எப்போதும் சாம்பல். அதே தெளிவு வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். எதைக் குறைக்க இ-இங்க் வாங்குகிறோமோ அதையே கூட்டுகிற மாதிரி. காமிக்ஸ், பாடநூல், வரைபடம் பார்க்கிறவருக்கு வேறு கணக்கு.

ராச்சாமம் | 5 நவம்பர், இரவு 9:30

இ-இங்க்லயும் டார்க் மோட் இருக்கே. அதை வச்சா வெளிச்சமே தேவையில்லையே?

எழுத்தாணி | 5 நவம்பர், இரவு 10:20

வெளிச்சம் இல்லாமல் இருட்டில் இ-இங்க் எதையும் காட்டாது, ராச்சாமம். அது தானாக ஒளிர்வதில்லை. ஓரத்தில் இருக்கும் எல்ஈடி ஒளி திரைமேல் படர்ந்து, தாளில் பட்டுத் திரும்புவது போலத்தான் கண்ணுக்கு வருகிறது. தலைகீழாக்கினால் பின்னணி கறுப்பு ஆகாது, அடர் சாம்பல்தான் ஆகும், ஏனென்றால் இ-இங்க்கின் கறுப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பியடிக்கும். அதோடு முந்தைய பக்கத்தின் நிழல் கறுப்பில் கூடுதலாகத் தெரியும். நிழலைத் துடைக்கத் திரை பளிச்சிடுவதும் இருட்டில் எரிச்சல்.

வெள்ளைப் பின்னணியையே வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். பேப்பர்வைட்டில் வெளிச்சம், மஞ்சள் இரண்டும் 0 முதல் 24 வரை. இருட்டறையில் வெளிச்சம் 4 முதல் 6, மஞ்சள் 14 முதல் 18. விளக்கணைத்து ஐந்து நிமிடம் கழித்து வைக்க வேண்டும். அணைத்த உடனே வைத்தால் தேவைக்கு மேல் வைத்துவிடுவீர்கள்.

பக்கம்_புரட்டி | 6 நவம்பர், காலை 8:00

கோரீடர் போட்டிருக்கேன் (கோபோ). தமிழ் உடையுது. நோட்டோ எழுத்துரு போட்டும் அதே. அப்ப கோரீடரும் ஆகாதா?

வரிக்குவரி | 6 நவம்பர், காலை 8:25

எப்படி உடைகிறது? கட்டமா, வட்டமா?

பக்கம்_புரட்டி | 6 நவம்பர், காலை 8:31

கொம்பு பின்னாடி போகுது. கட்டம் இல்லை.

எழுத்தாணி | 6 நவம்பர், மதியம் 12:50

அப்படியென்றால் எழுத்துரு வந்துவிட்டது, வரைவிதான் தூங்குகிறது. புத்தகம் திறந்திருக்கும்போது திரையின் அடிப்பகுதியைத் தட்டினால் வரும் பட்டையில் `Font Kerning` என்று ஒன்று இருக்கும். `off`, `fast`, `good`, `best` என்று நான்கு நிலை. `best` மட்டும்தான் எழுத்துகளை இடம் மாற்றி, இணைத்து முழுசாக வரையும். மற்ற மூன்றும் எழுத்துக்கு எழுத்து இடைவெளியைச் சரிசெய்வதோடு நின்றுவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது. `best` வைத்துவிட்டு அந்தச் சொல்லையே அழுத்திப் பிடியுங்கள், இனி திறக்கும் எல்லாப் புத்தகத்துக்கும் அதுவே இயல்பாக நிற்கும். பக்கங்களை எண்ணி முடிக்க முதல் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை. கூகுள் எழுத்துருத் தளத்தில் நோட்டோ செரிஃப் தமிழ் இறக்கினால் பொதிக்குள் பெயரில் `VariableFont` என்று ஒரு கோப்பும், `static` என்று ஒரு கோப்புறையும் இருக்கும். முதலாவதைப் போட்டால் கருவி ஒரே தடிமனில் மாட்டிக்கொள்ளும். `static` உள்ளே இருக்கும் தனித்தனிக் கோப்புகளை எடுங்கள். கோபோவில் அவை போக வேண்டிய இடம்:

```
.adds/koreader/fonts
```

`Regular` இ-இங்க்கில் மெலிந்து தெரியும். `Medium` எடுத்தால் குறைந்த வெளிச்சத்திலும் நிற்கும். இரவு வாசிப்பில் இந்த ஒரு படி தடிமன், வெளிச்சத்தை இரண்டு படி குறைக்க விடும்.

பக்கம்_புரட்டி | 6 நவம்பர், மதியம் 1:07

best வச்சேன். வந்துருச்சு!!

குறுந்திரை | 6 நவம்பர், மதியம் 1:10

good போதாது, best-தான் வேணும். இதுக்குத்தான் இத்தனை பதிவா.

பனைநிழல் | 6 நவம்பர், இரவு 10:15

கிண்டில் பக்கம்தான் சாய்றேன். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நண்பர் கருவியில ஒரு ஈபப் அனுப்பிப் பார்த்தேன். எழுத்து உடையலை. ஆனா வரியில சொல்லுக்குச் சொல் பெரிய பெரிய ஓட்டை. ஒரு வரியில ரெண்டே சொல், நடுவுல மைதானம். டார்க் மோட் போட்டா சில அத்தியாயத்துல எழுத்தே காணோம்.

வரிக்குவரி | 6 நவம்பர், இரவு 10:58

இரண்டுக்கும் கோப்புதான் காரணம், கருவி இல்லை.

ஓட்டை வருவது இருபுறமும் ஓரம் சீராக்குவதால். தமிழில் "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒரே சொல் அரை வரியை அடைக்கும். அது இந்த வரியில் இடமில்லாமல் அடுத்ததுக்குத் தாவினால் மிச்சச் சொற்களை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. அச்சில் சொல்லை எழுத்தெல்லையில் முறித்துவிடுவார்கள். இங்கே முறிப்பதில்லை. இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் ஓட்டை போய்விடும், வலப்பக்கம் பல்லிளிக்கும். இரண்டு பக்கத்தில் கண் பழகிவிடும்.

எழுத்து காணாமல் போவது, கோப்புக்குள்ளேயே எழுத்தின் நிறம் கறுப்பு என்று எழுதிவைத்திருப்பதால். வேர்டிலிருந்து ஆக்கிய ஈபப்களில் இது சகஜம். கறுப்புப் பின்னணி வந்ததும் கறுப்பில் கறுப்பு.

காலிபர் நிறுவிய கணினியில், நோட்டோ எழுத்துருவையும் கணினியில் நிறுவிவிட்டு, ஒரே கட்டளை:

```
ebook-convert novel.epub novel2.epub --language ta --change-justification left --filter-css font-family,color,background-color --embed-font-family "Noto Serif Tamil"
```

`--language ta` முக்கியம். இலவச ஈபப்களில் மொழி `en` என்றே கிடக்கும். கருவி அதை ஆங்கிலப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டு ஆங்கில எழுத்துருப் பட்டியலையும் ஆங்கில அகராதியையும் காட்டும். வந்த கோப்பைச் `Send to Kindle` வழியாக அனுப்புங்கள். மோபி ஆக்க வேண்டியதில்லை, ஈபப்பையே எடுத்துக்கொள்ளும். பிறகு `Aa` பட்டியில் `Publisher Font` தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே பொதித்த எழுத்துரு தெரியும்.

ராச்சாமம் | 7 நவம்பர், காலை 7:45

அகராதின்னதும் ஞாபகம் வந்துச்சு. கிண்டில்ல ஒரு சொல்லைத் தொட்டா பொருள் வரும்னாங்க. தமிழ்ல வரவே மாட்டேங்குது?

வரிக்குவரி | 7 நவம்பர், காலை 9:30

வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நிற்பதால். "மரத்தினின்று" என்பதைத் தொட்டால் அகராதி அதையே தேடும், அங்கே இருப்பது "மரம்". கோரீடரில் ஸ்டார்டிக்ட் வடிவத் தமிழகராதி போட்டுவிட்டு, சொல்லை அழுத்திப் பிடித்து, தேடல் பெட்டியில் விகுதியை நீங்களே வெட்டித் தேடலாம். இரவில் நான்கைந்து சொல்லுக்கு மேல் அந்தப் பொறுமை இருக்காது.

தாள்வாசி | 7 நவம்பர், மாலை 5:20

7.8 அங்குலத்தை ஒருத்தர்கிட்ட வாங்கிப் பார்த்தேன். ஓரம் வெட்டினதும் நல்லாவே இருக்கு. ஆனா பழுப்பேறின பக்கம் இ-இங்க்ல அழுக்கா, புள்ளி புள்ளியா தெரியுது.

எழுத்தாணி | 7 நவம்பர், இரவு 8:44

கோரீடரில் பிடிஎஃப் திறந்திருக்கும்போது அடிப்பட்டையில் `Contrast` உண்டு. ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். பழுப்பு வெளுக்கும். அளவு மீறினால் மெல்லிய கோடுகளும் வெளுத்துவிடும். "ண"வின் நடுச்சுழி அறுந்து தெரிய ஆரம்பித்தால் ஒரு படி குறைத்துவிடுங்கள்.

பனைநிழல் | 7 நவம்பர், இரவு 9:10

கட்டுரைகளைப் பத்தி இன்னும் யாரும் சொல்லலை. முன்னாடி பாக்கெட்ல சேமிப்பேன்.

மூக்குக்கண்ணாடி | 7 நவம்பர், இரவு 9:48

பாக்கெட் 2025 ஜூலை 8-ஓடு மூடியாயிற்று. கிண்டில் என்றால் கணினி உலாவியில் `Send to Kindle` நீட்சி போடுங்கள், கட்டுரைப் பக்கத்தில் அமுக்கினால் கருவிக்கு வந்துவிடும். அனுப்பும் முன் முன்னோட்டம் பாருங்கள். சில தமிழ் இதழ்களின் பக்க அமைப்பில் கட்டுரையை விட்டுவிட்டுப் பின்னூட்டங்களைத் தூக்கிக்கொண்டு வரும்.

எழுத்தாணி | 7 நவம்பர், இரவு 10:30

கோரீடர் வைத்திருப்பவர்களுக்கு வாலபேக். போனில் சேமித்தால் கருவியில் ஈபப்பாக இறங்கும், கோரீடரிலேயே அதற்கான செருகி இருக்கிறது. எழுத்துரு, வரி இடைவெளி எல்லாம் நாவலுக்கு வைத்ததே கட்டுரைக்கும் வரும். வரி இடைவெளியை 120, 130 என்று கொஞ்சம் கூட்டியே வையுங்கள். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர வாலும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்கு நெருக்கடி.

பக்கம்_புரட்டி | 7 நவம்பர், இரவு 10:41

கிண்டில்ல கடையில வாங்கின தமிழ்ப் புத்தகத்துக்கு எழுத்துரு மாத்த முடியுமா? `fonts` கோப்புறையில போட்டா சில புத்தகத்துல எடுக்குது, சிலதுல பழைய எழுத்துருவே நிக்குது.

வரிக்குவரி | 7 நவம்பர், இரவு 11:20

எடுக்காத புத்தகத்தில் `Aa` பட்டியில் உங்கள் எழுத்துருவின் பெயராவது தெரிகிறதா? தெரிந்தும் மாறவில்லையா, பெயரே இல்லையா? பெயரே இல்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் புத்தகத்துக்குப் பதிப்பகம் கொடுத்த மொழிக்குறியை.

பக்கம்_புரட்டி | 8 நவம்பர், காலை 7:02

பெயர் தெரியுது. தேர்ந்தெடுத்தா எண்கள் மட்டும் மாறுது, தமிழ் அப்படியே நிக்குது.

எழுத்தாணி | 8 நவம்பர், காலை 7:40

எந்த எழுத்துரு? அதில் தமிழ் எழுத்துகளோடு எண்களும் ஆங்கிலமும் இருக்கிறதா என்று கணினியில் திறந்து பாருங்கள். எடுத்த புத்தகம் ஒன்று, எடுக்காத புத்தகம் ஒன்று, இரண்டின் பெயரையும் கருவியின் மென்பொருள் பதிப்பெண்ணையும் இங்கே போடுங்கள்.

குறுந்திரை | 8 நவம்பர், காலை 7:43

பனைநிழல் இன்னும் எதையும் வாங்கலை என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பனைநிழல் | 8 நவம்பர், காலை 8:15

பேப்பர்வைட் சொல்லியாச்சு. அதுவரைக்கும் எக்ஸ்ட்ரா டிம். அந்த எண் மட்டும் மாறுற விவகாரத்துக்கு விடை கிடைச்சா சொல்லுங்க, எனக்கும் வேணும்.